குத்துவதா, விடுவதா? பழநிப் பாதையில் கால் கொப்புளம்

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநிக்கு நடக்கிறவர்களில் யார் எத்தனையாவது நாளில் இருக்கிறார் என்பதை நடையை வைத்தே சொல்லிவிடலாம். முதல் நாள்காரர் பாதம் முழுவதையும் பதித்து வைப்பார். மூன்றாம் நாள்காரர்களில் பலர் பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றி, குதிகாலைத் தூக்கி, ஒரு பக்கம் சாய்ந்து போவார்கள். அடியில் கொப்புளம் இருக்கிறது, அதன் மேல் எடை விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படிக் கோணலாக நடந்தே அடுத்த நாள் முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். பாதியில் பஸ் ஏறுகிறவர்களிடம் கேட்டால் முட்டி வலி என்பார்கள். அதற்கு முந்தைய நாள் காலில் என்ன இருந்தது என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

கொப்புளம் என்றால் தோலின் மேற்பரப்பு தேய்ந்து வருவது என்று நினைக்கிறோம். அது பாதி உண்மைதான். உங்கள் புறங்கையில் ஒரு விரலை அழுத்தி வைத்து, தோலோடு சேர்த்து முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். விரலுக்கும் தோலுக்கும் இடையே எந்தத் தேய்ப்பும் இல்லை. ஆனால் தோல் நகர்கிறது, அடியில் எலும்பு அசையாமல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள சதை இழுபடுகிறது. ஒவ்வொரு அடியிலும் பாதத்தில் நடப்பது இதுதான். உள்ளங்கால் தோல் வியர்வையில் நனைந்து சாக்ஸோடும் செருப்போடும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, உள்ளே எலும்பு முன்னே போகிறது. ஒரு நாளைக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் முறை இப்படி இழுபட்டால் மேல்தோலுக்குள்ளேயே ஓர் அடுக்கு கிழிந்து பிரிகிறது. அந்தக் கிழிசலில் ஊறிச் சேருகிற நீர்தான் கொப்புளம். கிழிந்த பிறகு நீர் முழுதாகச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆகவே கொப்புளம் கண்ணில் படும்போது சேதம் நடந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

இதிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய ஒன்று தெரிகிறது. ஈரத் தோல் அதிகம் பிடித்துக்கொள்ளும், காய்ந்த தோல் கொஞ்சம் வழுக்கும். பாதத்தைக் காய்ந்த நிலையில் வைத்திருப்பதும், பாதத்துக்கு வெளியே ஏதோ ஓர் இடத்தில் வழுக்கலுக்கு வழி செய்வதும்தான் தடுப்பு முறைகளின் சாரம்.

காலணி போட்டு நடக்கிறவர்களுக்கு முதல் வேலை சாக்ஸ். நம் ஊரில் பருத்தி என்றால் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை ஆழமாக உண்டு. சட்டைக்கு அது சரி. நெடுநடைக்கான சாக்ஸுக்கு அது தவறான துணி. பருத்தி வியர்வையைக் குடித்து, குடித்ததை விடாமல் தோல் மேலேயே வைத்திருக்கும். நனைந்ததும் தொய்ந்து மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளம் வரும். 1990-இல் அமெரிக்காவில் ஓட்டக்காரர்களை வைத்து, யார் எந்தச் சாக்ஸ் போட்டிருக்கிறார் என்று அவர்களுக்கே தெரியாமல் ஒரு சோதனை செய்தார்கள். பருத்திச் சாக்ஸ் போட்டவர்களைவிட அக்ரிலிக் இழைச் சாக்ஸ் போட்டவர்களுக்குக் கொப்புளங்கள் எண்ணிக்கையிலும் குறைவு, அளவிலும் சிறியவை. பாலியஸ்டர், நைலான் கலந்த விளையாட்டுச் சாக்ஸ்களும் இதே வகையில் ஈரத்தை வெளிப்பக்கமாகக் கடத்திவிடும்.

இரண்டு சாக்ஸ் போடுவது அதைவிட நல்லது, சரியாகப் போட்டால். உள்ளே மெல்லிய நைலான் சாக்ஸ், பள்ளிச் சீருடைக்கு வாங்குவோமே அது போதும். வெளியே கொஞ்சம் தடித்த விளையாட்டுச் சாக்ஸ். பாதத்துக்கும் ஷூவுக்கும் நடுவில் நடக்க வேண்டிய வழுக்கல் இப்போது இரண்டு சாக்ஸுக்கும் இடையில் நடந்துவிடும், தோல் இழுபடாது. ஆனால் ஷூ ஏற்கெனவே இறுக்கமாக இருந்தால் இரண்டாவது சாக்ஸ் கெடுதலைத்தான் கூட்டும். நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும் என்பதால் ஷூவே அரை அளவு பெரிதாக வாங்கி, யாத்திரைக்கு முன்பே பல நாள் போட்டுப் பழக்கியிருக்க வேண்டும். புது ஷூவோடு யாத்திரை கிளம்புவது பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை, கிளம்பக் கூடாது.

மூன்று ஜோடியாவது கையில் இருக்கட்டும். மதியம் தண்ணீர்ப் பந்தலிலோ அன்னதானக் கூடாரத்திலோ உட்காரும்போது, சாப்பாட்டு வரிசைக்குப் போவதற்கு முன் சாக்ஸைக் கழற்றிவிடுங்கள். சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் பாதம் காய்ந்திருக்கும். ஈரச் சாக்ஸைப் பையின் வெளியே பின் குத்தித் தொங்கவிட்டுக் காய்ந்த ஜோடியைப் போட்டுக்கொள்ளலாம். பாதத்தில் வாசலின் தடவிக்கொண்டு நடக்கிறவர்கள் உண்டு. முதலில் நன்றாக வழுக்கும். நேரம் போகப் போக வழுக்கல் போய், தோல் ஊறி, பிடிப்பு முன்பைவிடக் கூடும். அடிக்கடி நின்று மறுபடி தடவ முடியாதவர்கள் அதை நம்ப வேண்டாம். வாசலின் பூசிய தோலில் டேப்பும் ஒட்டாது.

டேப் விஷயத்துக்கு வருவோம். விலை உயர்ந்த விளையாட்டு டேப்புகள் வேண்டியதில்லை. மருந்துக் கடையில் மைக்ரோபோர் என்று கேட்டால் கொடுக்கும் காகித டேப்பே போதும். கட்டுப் போடும்போது நர்ஸ்கள் ஒட்டுவார்களே, மெல்லிய வெள்ளைக் காகிதம் போல, அதுதான். அமெரிக்க மருத்துவர்கள் இந்த டேப்பை 250 கிலோமீட்டர் பாலைவன ஓட்டங்களில் சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். 128 ஓட்டக்காரர்களின் பாதத்தில் சில இடங்களுக்கு மட்டும் டேப் ஒட்டி, மற்ற இடங்களை வெறுமனே விட்டார்கள். டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்தது. ஆகவே டேப் ஒட்டினால் வரவே வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். பத்தில் நான்கு குறைந்தாலே பழநி வரைக்கும் அது பெரிய லாபம்.

அதை ஒட்டும் நேரம் விடியற்காலை, கிளம்புவதற்கு முன். பாதம் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். குதிகாலின் பின்பக்கம், பெருவிரலுக்குக் கீழே எடை ஊன்றும் மேட்டுப் பகுதி, சுண்டுவிரலின் வெளிப்புறம் ஆகிய மூன்றும் பெரும்பாலோருக்கு வரும் இடங்கள். ஹவாய்ச் செருப்பு போடுகிறவர்களுக்கு வார் போகிற விரலிடுக்கு. போன வருடம் உங்களுக்கு எங்கே வந்ததோ அங்கே இந்த வருடமும் வரும். டேப் ஒரே ஒரு அடுக்கு, இழுக்காமல், சுருக்கம் விழாமல், வர வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு விரற்கடை கூடுதலாக. மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிவிட்டால் சாக்ஸ் மாட்டும்போது நுனி பெயராது. விரலைச் சுற்றி ஒட்டினால் இறுக்கக் கூடாது, மாலையில் விரல் வீங்கும்.

கைக்கு வேகமாகக் கிடைக்கிறது என்று பலர் துணிப் பிளாஸ்டரை ஒட்டிவிடுகிறார்கள். அதன் பசை பலமானது. கொப்புளம் வராத தோலில் ஒட்டினால் பாதகமில்லை, உண்மையில் காகித டேப்பைவிட நன்றாகவே நிற்கும். ஆனால் அதன் அடியில் கொப்புளம் வந்துவிட்டால் இரவில் பிளாஸ்டரை உரிக்கும்போது கொப்புளத்தின் மேல்தோலும் சேர்ந்து வந்துவிடும். காகித டேப்பின் பலவீனமான பசைதான் அதன் சிறப்பு.

நடக்கும்போது ஓரிடம் சூடாக, சுருக்கென்று எரிவதாகத் தெரிந்தால் அங்கே கிழிசல் தொடங்கிவிட்டது, நீர் இன்னும் சேரவில்லை. உடனே நின்று, செருப்பைக் கழற்றி, மணல் இருந்தால் தட்டி, காலைத் துடைத்து, டேப் ஒட்டிச் சாக்ஸை மாற்றினால் பத்து நிமிடத்தில் முடியும். கூட்டமாகப் போகிற யாத்திரையில் இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் மனம் வராது. காவடிகள் முன்னே போய்விடும், உடன் வந்தவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார்கள். கூட்டத்தை நடத்துகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் நிறுத்தி, ‘யாருக்காவது கால் எரியுதா’ என்று கேட்டால் போதும், மாலையில் மருத்துவ முகாமின் முன்னே நிற்கும் வரிசை பாதியாகும்.

அப்படி நிற்காத ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாற்பது வயது, சர்க்கரை நோய் இல்லை, சிங்கம்புணரிப் பக்கத்துக்காரர். பருத்திச் சாக்ஸ், புது கேன்வாஸ் ஷூ. நத்தத்திலிருந்து திண்டுக்கல் வரும் நீண்ட பகுதியில் காலை பத்து மணிக்கே வலது பாதம் எரிந்தது, கண்டுகொள்ளவில்லை. இரவு திண்டுக்கல்லில் தங்குமிடத்தில் ஷூவைக் கழற்றிப் பார்த்தால் மூன்று கொப்புளங்கள். பெருவிரலுக்குக் கீழ் மேட்டில் பழைய இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒன்று, உப்பி இறுகி இருக்கிறது, ஊன்றினால் உயிர் போகிறது. குதிகாலின் பின்னே சுண்டைக்காய் அளவில் ஒன்று, தொட்டால்தான் வலி. சுண்டுவிரல் ஓரத்தில் ஒன்று, உள்ளே தெளிவான நீர் இல்லை, கருஞ்சிவப்பாக ரத்தம். பழநிக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர். பக்கத்தில் படுத்திருப்பவர், ‘அண்ணே, ஊசி இருக்கு, மூணையும் குத்தி விட்ருவோம், காலைல லேசாயிரும்’ என்கிறார்.

மூன்றையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது என்பதைத்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

முதலில், கொப்புளத்தின் மேல்தோல் என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு அடியில் ஒரு நாளிலேயே உயிரணுக்கள் வேகமாகப் பெருகத் தொடங்கிவிடும். ஏறக்குறைய ஐந்து நாளில் அடியில் புதுத் தோல் முடிந்துவிடும். அதுவரை கிருமி புகாமல், காற்றில் காயாமல் காப்பது அந்தப் பழைய தோல்தான். எந்தக் கடையிலும் அதற்கு நிகரான கட்டு கிடைக்காது. ஆகவே குதிகாலில் இருக்கும் சிறியதைக் குத்த ஒரு காரணமும் இல்லை. வலி அதிகமில்லை, தானாக உடையும் என்ற பயமும் இல்லை. அதைக் கழுவி, மேலே சின்னக் காஜ் துண்டு வைத்து டேப் ஒட்டி, சுற்றிலும் மெத்தையாக இருக்கும்படி நடுவில் ஓட்டை வெட்டிய பஞ்சு ஒட்டு வைத்தால் போதும். எடை ஓரத்தில் விழும், கொப்புளம் தப்பிக்கும்.

சுண்டுவிரலில் ரத்தம் கோத்தது வேறு விஷயம். கிழிசல் இன்னும் ஆழத்தில், ரத்தக் குழாய்கள் இருக்கும் அடுக்கைத் தொட்டிருக்கிறது. அதைக் குத்தினால் வெளிக் கிருமிக்கு ரத்தம் வரைக்கும் வழி திறந்துவிட்ட மாதிரி. தொடக் கூடாது. மூடிக் கட்டி, முடிந்தால் அந்த இடத்தில் ஷூவைக் கத்தரியால் வெட்டிவிட வேண்டும். ஷூ போனால் போகட்டும்.

பெருவிரல் மேட்டில் உள்ளதுதான் உண்மையான கேள்வி. பெரியது, இறுக்கமானது, எடை ஊன்றும் இடம். நாளைக் காலை நடந்தால் ஒட்டன்சத்திரம் வருவதற்குள் தானே உடைந்துவிடும், அப்போது தோல் தாறுமாறாகக் கிழியும், அழுக்குச் சாக்ஸுக்குள் திறந்த புண்ணாக நாள் முழுக்க இருக்கும். உடைவது நிச்சயம் என்றால் நாம் சுத்தமாக, சிறு துளையாக, நம் நேரத்தில் வடிப்பது நல்லது. இந்த ஒன்றுக்கு மட்டும் ஊசி. அதுவும் இரவில், நடை முடிந்த பிறகு. இரவு முழுக்கக் கால் ஓய்வாக இருந்தால் வடிந்த தோல் அடியில் உள்ளதோடு படிந்து ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும். வழியில் உட்கார்ந்து குத்திவிட்டு உடனே நடந்தால் அது ஒட்டவே ஒட்டாது.

கையையும் பாதத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொப்புளத்தின் மேலும் சுற்றிலும் பெட்டாடின் தடவிக் காயவிடுங்கள். ஊசி என்றால் சட்டையில் குத்தியிருந்த பின் ஊசி இல்லை. மருந்துக் கடையில் உறை பிரிக்காமல் கிடைக்கும் சிரிஞ்சு ஊசி, சில ரூபாய்தான். தீக்குச்சியில் ஊசியைச் சுடுவதால் நுனியில் கரிதான் படியும். கொப்புளத்தின் நடுவில் குத்தாமல், அடி ஓரத்தில், தோலுக்குப் படுக்கை வாட்டமாக இரண்டு மூன்று சின்னத் துளைகள் இடுங்கள். ஒரே துளை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காஜால் மெல்ல அழுத்தி நீரை வெளியேற்றுங்கள். மேல்தோலைக் கிழிக்கவோ வெட்டவோ கூடாது, படிய வைத்துவிடுங்கள். மறுபடி பெட்டாடின், ஒட்டாத காஜ், அதன் மேல் காகித டேப். விடிகாலையில் பாருங்கள், பெரும்பாலும் மறுபடி நீர் கோத்திருக்கும். அதே முறையில் இன்னொரு தடவை வடிக்கலாம். முதல் நாளுக்குள் இரண்டு மூன்று முறை வடித்தால்தான் தோல் நன்றாக ஒட்டும்.

ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்தின் குறுக்கே இழுத்து, நூலை உள்ளேயே விட்டுவிடும் பழக்கம் ஸ்பெயினில் சாந்தியாகோ யாத்திரை போகிறவர்களிடம் உண்டு. நம் பாதையிலும் யாராவது கற்றுக்கொடுத்தால் கேட்காதீர்கள். நூல் வழியாக நீர் வெளியே வரும், அதே நூல் வழியாகச் சாலை அழுக்கும் உள்ளே போகும். எருக்கம்பால், சுண்ணாம்பு போன்றவையும் வேண்டாம், அவை தோலை வேகவைத்துவிடும்.

இது எல்லாம் தேய்ப்பில் வந்த கொப்புளத்துக்கு. வெறுங்காலோடு நடப்பதே விரதம் என்று இருப்பவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. தை மாதத்து வெயில் உடம்புக்கு இதமாக இருந்தாலும் பிற்பகல் தார்ச்சாலை அப்படி இல்லை. அனுபவசாலிகள் சாலையோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே போவதைப் பார்க்கலாம், தாரைவிட அது சூடு குறைந்தது. அந்தச் சூட்டில் உள்ளங்கால் முழுக்கப் படர்ந்து வருவது தீக்காயக் கொப்புளம். அதை எக்காரணம் கொண்டும் வீட்டு ஊசியால் குத்தக் கூடாது. ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காலைக் காட்டிவிட்டு மருத்துவ முகாமுக்குப் போக வேண்டும். வெறுங்கால்காரர்கள் வெயில் ஏறுமுன் பெரும்பகுதியை நடந்து முடிப்பதும், பகல் பதினொன்று முதல் நான்கு வரை நிழலில் படுப்பதும்தான் தடுப்பு. பல வருடம் நடந்து பாதம் காய்த்துப்போனவர்களுக்குத் தடித்த தோலுக்கு அடியில் ஆழமாகக் கொப்புளம் வரும். வலி கடுமையாக இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஊசி அதை எட்டாது, தேடிக் குத்தினால் புண்தான் மிஞ்சும். ஓய்வு ஒன்றே வழி.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. பல வருடம் சர்க்கரை இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும், எரிச்சல் என்ற எச்சரிக்கையே வராது. கொப்புளம் வந்து, உடைந்து, சீழ் பிடித்த பிறகு சாக்ஸில் கறையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, எந்தக் கொப்புளத்தையும் தாங்களாகக் குத்தக் கூடாது. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் உள்ளங்காலைக் கையால் தடவி, செல்போன் விளக்கில் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் உடன் வருபவரைப் பார்க்கச் சொல்லலாம், அதில் வெட்கமில்லை.

சர்க்கரை இல்லாதவர்களும் நடையை நிறுத்த வேண்டிய நேரம் உண்டு. கொப்புளத்துக்குள் நீர் கலங்கி மஞ்சளானால், சுற்றிலும் சிவப்பு பரவினால், சிவப்புக் கோடு காலில் மேலே ஏறினால், தொடை இடுக்கில் நெறி கட்டினால், காய்ச்சல் வந்தால் அது கிருமி பரவிவிட்டதன் அடையாளம். டேப்பும் பெட்டாடினும் அதற்குப் போதாது, அன்றே டாக்டரிடம் போக வேண்டும். தோல் கிழிந்து புண்ணாகி மண்ணில் பட்டவர்கள் டி.டி. ஊசி கடைசியாக எப்போது போட்டோம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

நம் சிங்கம்புணரிக்காரர் ஒரு நாள் தங்கி, வேறு சாக்ஸ், விரலோரம் வெட்டிய ஷூவோடு போனால் பெரும்பாலும் பழநி போய்ச் சேர்ந்துவிடுவார். அங்கே அவர் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. பழநி சேர்ந்ததும் சண்முக நதியில் முழுக்குப் போட்டு, ஈரக் காலோடு, கட்டையெல்லாம் அவிழ்த்துவிட்டு வெறுங்காலில் மலையேறுவதுதான் வழக்கம். ஆயிரக்கணக்கானோர் இறங்கிய தண்ணீர் துளையிட்ட கொப்புளத்துக்குள் போகக் கூடாது. அந்தக் காலை மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு, சொம்பில் எடுத்துத் தலையில் ஊற்றிக் குளித்தால் போதும். படியேறும்போது புதுக் கட்டின் மேல் சுத்தமான சாக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். தோல் கிழிந்து சதை தெரிகிறவர்கள் 693 படிகளை அடுத்த வருடத்துக்கு வைத்துவிட்டு, இந்த முறை விஞ்சில் ஏறுங்கள்.